இரவு ஒரு பெக்கும் இதய மாத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 74. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் ஆஸ்பிரின் 75, மெட்டோப்ரோலால் 50, ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 30 போடுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டெல்மிசார்டன் 40, அட்டோர்வாஸ்டாட்டின் 40, மூத்திரத் தொந்தரவுக்காக இன்னொரு டாக்டர் கொடுத்த டாம்சுலோசின். நெஞ்சு வலித்தால் வைத்துக்கொள்ள நாக்கடி மாத்திரையும் உண்டு. தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு பெக் விஸ்கி குடிப்பேன். பல வருடப் பழக்கம், அதற்கு மேல் தொடமாட்டேன். பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இது மாத்திரையோடு மோதுமா?"

மோதும். ஆனால் எல்லா மாத்திரையோடும் ஒரே மாதிரி மோதாது. இவருடைய பட்டியலைப் பார்த்ததும் முதலில் கவலை வருவது ஈரலைப் பற்றியோ ஸ்டென்ட்டைப் பற்றியோ அல்ல. நடு ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து நிற்கிறாரே, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான்.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களுக்கு இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் சற்று வேகமாகத் துடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். டெல்மிசார்டன் குழாய்களைத் தளர்த்துகிறது. டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதைக்காகக் கொடுக்கப்பட்டாலும் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். காலையில் போட்ட மோனோநைட்ரேட்டின் வேகம் அந்த நேரத்துக்குள் குறைந்திருந்தாலும் முழுதாகப் போயிருக்காது. மெட்டோப்ரோலால் இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். இவ்வளவுக்கும் மேல் மதுவும் குழாய்களைத் தளர்த்துகிறது, கூடவே சிறுநீரையும் அதிகமாக்குகிறது. எழுந்து போக வேண்டிய தேவையையும், எழுந்தால் தலைசுற்றும் நிலையையும் மது ஒன்றாகவே உண்டாக்குகிறது. 74 வயதில் இடுப்பு எலும்பு முறிவதும் தலையில் அடிபடுவதும் இப்படிப்பட்ட நேரத்தில் எளிதாக நடந்துவிடும்.

கடிதத்தில் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. இன்னொரு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இதய டாக்டருக்கு டாம்சுலோசின் தெரியாமலும், சிறுநீரக டாக்டருக்கு நைட்ரேட் தெரியாமலும், இருவருக்குமே விஸ்கி தெரியாமலும் இருப்பதுதான் வழக்கம்.

"ஒரு பெக்தான் என்கிறார். அது அவ்வளவு பெரிய விஷயமா?"

அந்த ஒரு பெக் எத்தனை மில்லி என்பதை அளந்து பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அளப்பது எளிது. அவர் வழக்கமாகக் குடிக்கும் அதே டம்ளரை எடுங்கள். விஸ்கி எந்த மட்டம் வரை ஊற்றுவாரோ அந்த மட்டம் வரை அவரையே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை இருமல் மருந்தோடு வரும் அளவுக் கோப்பையில் ஊற்றி அளந்து பாருங்கள். பெரிய பெக் என்பது 60 மில்லி. கண்ணளவில் ஊற்றும் கை 80, 90, 100 என்று போய்விடும். யாரும் பொய் சொல்வதில்லை. அடிப்பாகம் அகலமான டம்ளரில் 90 மில்லி பார்வைக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும்.

கணக்கு இப்படி: மில்லி அளவை மதுவின் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வருவதை 0.79-ஆல் பெருக்கினால் தூய மது எத்தனை கிராம் என்று தெரியும். 40 சதவீத விஸ்கி 60 மில்லியில் ஏறத்தாழ 19 கிராம். அதே விஸ்கி 95 மில்லி என்றால் 30 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 26 கிராம் இருக்கிறது. ஆகவே "நான் பீர் மட்டும்தான்" என்பது குறைவாகக் குடிப்பதாக ஆகாது.

இந்தக் கிராம் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் வகுத்த உச்ச அளவு வாரத்துக்கு ஏழு பானங்கள். அவர்கள் கணக்கில் ஒரு பானம் 14 கிராம் மது, ஆக வாரத்துக்கு 98 கிராம். அதுவும் உடல்நலம் நன்றாக இருந்து, எந்த மாத்திரையும் சாப்பிடாத முதியவர்களுக்கு. தினமும் சரியாக 60 மில்லி குடித்தாலே வாரத்துக்கு 133 கிராம் ஆகிறது. 95 மில்லி என்றால் 210 கிராம்.

வயது ஏறினால் உடலில் தண்ணீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடும். மது தண்ணீரில்தான் கலக்கும் என்பதால், நாற்பது வயதில் குடித்த அதே பெக் எழுபத்து நான்கில் ரத்தத்தில் அதிக அடர்த்தியாக நிற்கும். இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் சொல்வது உண்மைதான். அளவு மாறவில்லை, குடிக்கும் உடல் மாறிவிட்டது.

"மாத்திரைக்கும் குடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதாதா?"

போதாது. டெல்மிசார்டன், நீண்ட நேரம் கரையும் வகை மெட்டோப்ரோலால், டாம்சுலோசின் எல்லாமே ஒரு வேளை போட்டால் ஏறக்குறைய நாள் முழுவதும் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டவை. காலை எட்டு மணிக்குப் போட்டாலும் ராத்திரி எட்டரைக்கு அவை உடம்பில் இருக்கும். வயிற்றில் சந்திப்பதால் வரும் மோதல் என்றால் இடைவெளி உதவும். இது ரத்தக் குழாயில் நடக்கும் மோதல்.

மது பக்கமும் பாருங்கள். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கரைக்கும். 30 கிராம் கரைய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பி.பி.யை இறக்கும் விளைவு அதற்குப் பிறகும் நீடிக்கலாம்.

நாக்கடி மாத்திரைதான் இங்கே தனிக் கணக்கு. அது நிமிடங்களில் வேலை செய்து பி.பி.யைச் சட்டென்று இறக்கும். குடித்திருக்கும்போது அதை வைத்துக்கொண்டு எழுந்து நடந்தால் மயங்கி விழும் வாய்ப்பு மிக அதிகம். அதற்காக, குடித்த ராத்திரியில் நெஞ்சு வலித்தால் மாத்திரையே வைக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்தோ சாய்ந்தோதான் வைக்க வேண்டும். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் முதலில் பார்க்க வேண்டும். மேல் எண் 90-க்குக் கீழே இருந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ வைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வைத்து ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டாலும் அதேதான். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

"குடிக்கிற அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிடுகிறார். அது நல்லதுதானே?"

குடிப்பதைவிட இது ஆபத்து. இரண்டும் சேரக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விடக் கூடாததை விட்டுவிடுகிறார்கள். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எதிர்வினையாகப் படபடக்கும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அப்போது நெஞ்சுவலியே வரலாம். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ அவ்வப்போது விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைய இடம் கொடுக்கிறார். ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இது உயிருக்கே ஆபத்து.

ஆகவே குடித்துவிட்டாலும் மாத்திரை மாத்திரைதான். விதிவிலக்கு இரண்டு. அளவுக்கு மீறிக் குடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாலோ, எழுந்தால் தள்ளாடும் அளவுக்கு பி.பி. இறங்கியிருந்தாலோ, அன்றைய ராத்திரி பி.பி. மாத்திரையையும் டாம்சுலோசினையும் என்ன செய்வது என்று டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே, நிதானமாக இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

"காலையில் எப்போது பார்த்தாலும் பி.பி. 150-க்கு மேல். டாக்டர் டோஸைக் கூட்டிவிட்டார். ஆனால் இப்போது ராத்திரியில் தலைசுற்றுகிறது என்கிறார். என்ன நடக்கிறது?"

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மது பி.பி.யை முதலில் இறக்கும், பிறகு ஏற்றும். 30 கிராமுக்கு மேல் குடித்தால், குடித்த பன்னிரண்டு மணி நேரம் வரை பி.பி. குறைவாகவும், அதைத் தாண்டிய பிறகு வழக்கத்தைவிட அதிகமாகவும் இருக்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. எட்டரைக்குக் குடித்தவர் மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறார். பி.பி. சரியாக ஏறியிருக்கும் நேரம் அது. நாள்பட்டு தினமும் குடிப்பவர்களுக்கு இந்த ஏற்றமே நிலையாகவும் ஆகிவிடும்.

கடிதம் எழுதியவரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய ஒரு பெக் அளந்து பார்த்ததில் 95 மில்லி வருகிறது என்று வையுங்கள். காலை பத்து மணிக்கு கிளினிக்கில் 154/88. குடிப்பது தெரியாத டாக்டர், டெல்மிசார்டன் 40-ஐ 80 ஆக்குகிறார். அவர் கையில் இருந்த எண்ணுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அன்று ராத்திரி பத்தரைக்கு, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, உட்கார்ந்து பார்த்தால் 116/70. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் பார்த்தால் 92/58. நிற்கும்போது மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினாலே அதை நிலைமாற்ற பி.பி. வீழ்ச்சி என்பார்கள். இங்கே மேல் எண் 24 இறங்கியிருக்கிறது. காலை எண்ணைச் சரிசெய்யக் கொடுத்த மாத்திரை ராத்திரி எண்ணைக் கெடுத்துவிட்டது. அடுத்த மாதம் காலை பி.பி. இன்னும் 148 என்றால் மூன்றாவதாக ஒரு மாத்திரை சேரும். விழும் வரை யாருக்கும் தெரியாது.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மேல்கையில் சுற்றும் பட்டை உள்ள கருவியால் ஒரு வாரம் இரண்டு நேரம் பாருங்கள். ஒன்று, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரை போடுவதற்கு முன்னால். இன்னொன்று, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன். ராத்திரி பார்க்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தலைசுற்றினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உட்கார வைத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்று எத்தனை மில்லி என்று எழுதுங்கள். குடிக்காத நாளும் நடுவில் இருந்தால், வித்தியாசம் அந்தத் தாளிலேயே தெரியும்.

இந்தத் தாளைப் பார்த்த டாக்டர் டோஸைக் கூட்டுவதற்குப் பதிலாக 40-லேயே நிறுத்திவிட்டு, குடியைக் குறைத்து மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். ஒரு மாத்திரையின் நேரத்தை மாற்றலாம், அல்லது டாம்சுலோசின் இப்போது தேவையா என்று சிறுநீரக டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம். குடியை நிறுத்திய பிறகு பி.பி. இறங்கி, ஏற்கெனவே கொடுத்த டோஸே அதிகமாகிப் போவதும் நடக்கும். அதனால் குறைக்கும் வாரங்களிலும் பி.பி. பார்ப்பதை விடக் கூடாது.

"ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை இவற்றோடு?"

ஆஸ்பிரின் வயிற்றின் உட்சுவரில் இருக்கும் பாதுகாப்பைக் குறைக்கிறது. மது அதே சுவரை எரிச்சலாக்குகிறது. குளோபிடோக்ரெலும் சேர்ந்தால் சின்னப் புண்ணில்கூட ரத்தம் நிற்காமல் கசியும். அடையாளம் மலம்: தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போகும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பு இருக்காது. சந்தேகம் இருந்தால் அன்றே காட்டிவிடுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போடுபவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மதுவும் ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றில் சேருவது மிக மோசமான கூட்டு.

அட்டோர்வாஸ்டாட்டினைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஈரல் நன்றாக இருந்து, குடியும் அளவோடு இருந்தால் அது பெரிய மோதல் அல்ல. அதிகம் குடிப்பவருக்கு ஈரல் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத் தொடர்வார்கள். அந்தப் பயத்தால் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

"அம்மாவின் அண்ணனுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். அவரும் குடிப்பார். அவருக்கும் இதே பதில்தானா?"

இல்லை, அவருக்கு இன்னும் கண்டிப்பான பதில். ரத்தம் இளக்கும் மாத்திரையான வார்ஃபரினை ஈரல்தான் கரைத்து வெளியேற்றுகிறது. ஒரே நாளில் நிறையக் குடித்தால் ஈரல் மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வார்ஃபரின் தேங்கி, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் எகிறும். மாறாக, தினமும் அதிகமாகக் குடிப்பவரின் ஈரல் வார்ஃபரினை வேகமாகக் கரைக்கப் பழகி, ஐ.என்.ஆர். இறங்கிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டிய எண், காரணம் தெரியாமல் ஒரு மாதம் 1.6, அடுத்த மாதம் 4.2 என்று ஆடினால் குடியைப் பற்றிக் கேட்க வேண்டும். புதிய வகை அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், டாபிகாட்ரான் மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை. ஆனால் விழுந்தால் ரத்தம் கசிவதும், வயிற்றில் கசிவதும் அவற்றிலும் உண்டு.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னாலும் உடனே கூட்டிப் போய் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் தடுமாற்றமும் தூக்கக் கலக்கமும் தெரியும்.

அவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதுவே அந்த ஒழுங்கற்ற துடிப்பைக் கிளப்பிவிடும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தத் துடிப்பு நோய் உள்ள 140 பேரில் ஒரு பாதியை ஆறு மாதம் குடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குத் துடிப்பு திரும்பக் கெட்டது. நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதம் பேருக்கு. இவருக்கும், இதயத் தசை பலவீனமானவருக்கும் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதில் நிற்காமல் நிறுத்தச் சொல்வதே சரி.

"அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. கிளைமிபிரைடு போடுகிறார். குடித்துவிட்டுச் சில நாள் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார்."

அந்தச் சில நாட்களைத் தடுத்தே ஆக வேண்டும். சாப்பாடு இல்லாத நேரத்தில் ஈரல்தான் சேமிப்பிலிருந்தும் புதிதாகத் தயாரித்தும் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும். மது உள்ளே இருக்கும்போது புதிதாகத் தயாரிக்கும் வேலை தடைப்படுகிறது. கிளைமிபிரைடோ இன்சுலினோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நள்ளிரவுக்கு மேல், விடியும் முன் சர்க்கரை அபாயமாகக் குறையும்.

வழக்கமாகச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மெட்டோப்ரோலால் அந்த இரண்டு அறிகுறியையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. மீதி அறிகுறிகள் என்னவென்றால் நாக்குக் குழறல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம். குடித்தவரும் அப்படித்தானே இருப்பார்? வீட்டில் உள்ளவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். மேலுக்கு ஜில்லென்று வியர்த்திருந்தால் போதை என்று முடிவு கட்டாமல் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறிய பிறகு சாப்பாடும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

"அப்படியானால் நாளைக்கே நிறுத்தச் சொல்லிவிடலாமா?"

எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. 60 மில்லி, 90 மில்லி மட்டும் குடித்து, காலையில் கை நடுங்காமல் இருப்பவர் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள் தூக்கம் கெடும், அவ்வளவுதான். தினமும் 180 மில்லி, அதற்கு மேல் என்று போகிறவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளைத் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் வியர்வை வரலாம். அந்த நேரத்தில் பி.பி.யும் துடிப்பும் ஏறி, பழுதான இதயத்துக்குத் தாங்க முடியாத பாரமாகும். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் அடங்கியே தெரியும் என்பதால் ஆரம்பத்தில் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. இவர்களுக்கு மருந்தின் துணையோடு, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இதே காரணத்தால், எந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் தினக்குடியை மறைக்காதீர்கள். மூன்றாம் நாள் அப்பா பிதற்ற ஆரம்பித்தால் டாக்டர்கள் பக்கவாதமா, தொற்றா என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தூக்கத்துக்காகத்தான் குடிக்கிறேன் என்பவர்களுக்கு: மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். நிறுத்தியதும் தூக்கம் வரவில்லை என்று வீட்டில் கிடக்கும் அல்பிரசோலாம், குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரையைப் போடவே வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும் கூட்டு அது.

"முழுக்க நிறுத்த மாட்டேன் என்கிறார். குறைந்தபட்சம் என்ன செய்ய?"

குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. இதயத்துக்கு நல்லது என்று சொல்லி எந்த மதுவையும், ஒயினையும்கூட, ஒரு நோயாளிக்கு இன்று பரிந்துரைக்க முடியாது. ஆனால் முழுக்க நிறுத்தாதவரைக் கைவிடவும் முடியாது. அளவுக் கோப்பையால் 30 மில்லி அளந்து ஊற்றட்டும். அது ஏறத்தாழ 10 கிராம் மது. வாரத்தில் சில நாள் இல்லாமல் இருக்கட்டும். விட்ட நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் குடிப்பது கூடவே கூடாது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு குடிக்கட்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டால், ராத்திரி எழுந்து போவதும் கொஞ்சம் குறையும்.

படுக்கைக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை வைப்பதை நிறைய பேர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். இந்த மாத்திரைகள் சாப்பிடும் எவருக்கும் அது நல்ல ஏற்பாடு. எழுந்தே ஆக வேண்டுமென்றால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழ வேண்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது பாதுகாப்பு. வழியில் விளக்கு எரியட்டும்.

"டாக்டருக்கு நாங்களும் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?"

அப்பாவையே எழுதச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் பிள்ளைகள் போய்ச் சொன்னால், அடுத்த முறை டாக்டரிடமும் மறைப்பார். "அவ்வப்போது குடிப்பார்" என்ற வரியால் டாக்டருக்கு ஒரு பயனும் இல்லை. இவர் எழுதியது நல்ல கடிதம். இன்னும் சில வரி சேர்ந்தால் முழுமையாகும். கீழே உள்ள மாதிரியில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்:

"குடிப்பது 40 சதவீத விஸ்கி. அளந்து பார்த்தேன், ஒரு தடவைக்கு 95 மில்லி, வாரத்தில் ஏழு நாளும். காலையில் கை நடுக்கம் இல்லை. போன மாதம் ராத்திரியில் இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தேன், விழவில்லை. ஒரு வார பி.பி. தாள் இணைத்திருக்கிறேன். மூட்டு வலிக்கு நானாக வாங்கிப் போடும் மாத்திரையின் அட்டையும் இதோடு இருக்கிறது. எந்த மாத்திரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும், எந்த அளவுக்கு மேல் குடித்தால் தங்களைக் கூப்பிட வேண்டும் என்று எழுதித் தாருங்கள்."

மாத்திரைகளின் பெயரை நினைவிலிருந்து எழுதாமல் அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டரிடமிருந்து வந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். குடியைப் பற்றிப் பேசப் பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்று அவர் விரும்பினால் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

"எந்த அறிகுறி வந்தால் கடிதத்துக்கெல்லாம் காத்திராமல் உடனே ஓட வேண்டும்?"

ஓய்விலும் அடங்காத நெஞ்சுவலி, மயங்கி விழுவது, தார் நிற மலம் அல்லது ரத்த வாந்தி, தலையில் அடி, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, பேச்சுக் குழறலோடு முகமோ கையோ ஒரு பக்கம் தொய்வது. கடைசியாகச் சொன்னதைப் போதை என்று தள்ளிவிடும் வீடுகள் உண்டு. சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். போதையில் இரண்டு கையும் ஆடும். பக்கவாதத்தில் ஒரு கை மட்டும் கீழே இறங்கும். இறங்கினால் மணியைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள். இரண்டு கையும் நேராக நின்று, சந்தேகம் மட்டும் மிஞ்சினாலும் கொண்டுபோங்கள்.